இன்றிரவு சிங்க் ஓடாது: பராமரிப்பு அறிவிப்பு மெயில் எழுதப் புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு சிங்க் ஒரு நாள் ஓடாமல் போனால் திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. டேஷ்போர்டு வழக்கம்போலத் திறக்கும். வரைபடம் வரும், மொத்தம் வரும். ஆனால் அத்தனையும் முந்தைய நாளோடு நின்றுபோன எண்கள். சர்வர் விழுந்துவிட்டால் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும், யாரும் அதை நம்பி முடிவெடுக்க மாட்டார்கள். சிங்க் நின்றால் பழைய எண்ணைப் புதிய எண் என்று நம்பி வேலையை நடத்திக்கொண்டே போவார்கள். அதனால் டேட்டா இன்ஜினியர் அனுப்பும் பராமரிப்பு மெயில், சர்வர் நிற்கும் நேரத்தை மட்டும் சொன்னால் பாதி வேலைதான் முடிந்தது. மறுநாள் காலையில் திரையில் தெரியும் எண் எந்தத் தேதி வரைக்குமானது என்பதையும் அது சொல்ல வேண்டும். அப்படி ஒரு மெயிலை எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளையும், எழுதும் விதத்தையும் ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

## நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம்

பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு ஜவுளிக்கடை நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கிளைகளின் பில்லும் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் சேர்கிறது. தினமும் அதிகாலை 2 மணிக்கு ஏர்ஃப்ளோவில் ஒரு ஜாப் ஓடி, முந்தைய நாளின் பில், கொள்முதல், இருப்பு எல்லாவற்றையும் தனியாக இருக்கும் வேர்ஹவுஸுக்குக் கொண்டுபோகிறது. ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். மேலாளர்கள் பார்க்கும் டேஷ்போர்டு எல்லாம் அந்த வேர்ஹவுஸிலிருந்து வருபவை.

அந்த டேட்டாபேஸ் இன்னும் போஸ்ட்கிரெஸ் 13-இல் இருக்கிறது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2025 நவம்பரோடு முடிந்தது. இனி அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. ஆகவே 17-க்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது டேட்டாபேஸை மூடியாக வேண்டும், அன்று இரவு சிங்க்கை நிறுத்தியாக வேண்டும்.

## படி 1: சிங்க்கை நம்பி எதெல்லாம் ஓடுகிறது?

மெயில் எழுத உட்கார்வதற்கு முன் ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள். பலரும் டேஷ்போர்டோடு நிறுத்திவிடுவார்கள். டேஷ்போர்டைப் பார்க்கும் மனிதருக்குச் சந்தேகம் வர வாய்ப்பு உண்டு. தானாக ஓடுபவைதான் ஆபத்து.

நம் உதாரணத்தில் மூன்று இருக்கின்றன. காலை 6:30-க்குக் கிளை மேலாளர்களுக்கு விற்பனை எக்செல் தானாக மெயிலில் போகிறது. 7 மணிக்கு, இருப்பு குறைந்த சரக்குகளின் ஆர்டர் பட்டியல் கொள்முதல் பிரிவுக்குப் போகிறது. மூன்றாவது, சிங்க் முடிந்ததும் பகிர்வு ஃபோல்டரில் `sales_daily.csv` என்று ஒரு கோப்பு விழுகிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர் காலை 9 மணிக்கு அதை எடுத்து டேலியில் ஏற்றுகிறார்.

மூன்றாவதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். கோப்பின் பெயரில் தேதி இல்லை. தினமும் பழையதன் மேலேயே புதியது எழுதப்படுகிறது. சிங்க் ஓடாத நாளில் முந்தைய நாள் கோப்பு அதே பெயரில் அதே இடத்தில் இருக்கும். கணக்காளர் வழக்கம்போல எடுத்து ஏற்றினால், ஏற்கெனவே ஏற்றிய விற்பனை இரண்டாவது முறையாகப் பதிவாகும். பில் எண் இரட்டிப்பைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாமல், நாளின் மொத்தத்தை ஒரே வவுச்சராக ஏற்றும் வழக்கம் இருந்தால், மாதக் கடைசியில் கணக்கை ஒத்துப் பார்க்கும்வரை இது கண்ணில் படாது. ஆர்டர் பட்டியலும் இதே ரகம்தான். நேற்று வந்து இறங்கிய சரக்கு பழைய இருப்பில் இருக்காது என்பதால், அதையே மறுபடி வாங்கச் சொல்லும்.

இவற்றைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. வேர்ஹவுஸில் காலை 4 மணி முதல் 10 மணி வரை எந்தெந்தப் பயனர் கணக்கில் வினவல் ஓடியது என்று ஒரு வார லாக்கைப் பாருங்கள். நீங்கள் கேள்விப்படாத ஒரு கணக்காவது வரும். அது யாருடையது என்று கேட்டு அறிந்து, அவரையும் மெயில் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். முழு நிறுவனத்துக்கும் ஒரே மெயிலைத் தட்டிவிடுவதைவிட, பாதிக்கப்படும் ஆட்களைப் பெயர் தெரிந்து எழுதும்போதுதான் மெயில் படிக்கப்படுகிறது.

## படி 2: நாளும் நேரமும்

ஐ.டி. பழக்கம் சனிக்கிழமை இரவைத்தான் தேர்ந்தெடுக்கும். அலுவலகங்களுக்கு அது சரி. ஜவுளிக்கடைக்கு ஞாயிறுதான் பெரிய வியாபார நாள். சனி இரவு மாற்றி ஏதாவது பிசகினால், கூட்டம் நிறைந்த நாளில் பில் போட முடியாமல் நிற்க வேண்டியிருக்கும். வாரத்தின் நடுவில் கூட்டம் குறைந்த ஒரு நாளை எடுங்கள்.

அடுத்து கணக்குப் பிரிவின் நாட்காட்டி. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1-க்குக் கெடு 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20-ஆம் தேதி. அந்த இரண்டு தேதிகளுக்கு முன்னால் சில நாட்களும், மாதக் கடைசியும், முதல் தேதியும் வேண்டாம். இப்படிக் கழித்துப் பார்த்தால் நமக்குக் கிடைப்பது 2026 பிப்ரவரி 24, செவ்வாய் இரவு.

நேரத்துக்கு, பேக்கப்பிலிருந்து ஒரு நகலை எடுத்து அதில் மொத்த வேலையையும் ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஒத்திகையில் இரண்டு மணி நேரம் பிடித்தால், மெயிலில் இரண்டு மணி நேரம் என்று எழுதாதீர்கள். மாற்றம் முடிந்தபின் `pg_upgrade` பழைய டேட்டாபேஸின் புள்ளிவிவரங்களைப் புதியதற்குக் கொண்டுவராது. பதிப்பு 18-இல்தான் அந்த வசதி வந்தது. 17-க்கு மாற்றுகிறவர்கள் இதைக் கையால் ஓட்ட வேண்டும்:

```
vacuumdb --all --analyze-in-stages
```

இதை ஓட்டாமல் கடையைத் திறந்தால் சாதாரண வினவலும் ஆமை வேகத்தில் நகரும். இதற்கான நேரமும், சரிபார்க்கும் நேரமும், திரும்பிப் போக வேண்டியிருந்தால் அதற்கான நேரமும் கணக்கில் சேர வேண்டும். எனவே இரவு 11:00 முதல் அதிகாலை 5:00 வரை என்று வைத்துக்கொள்கிறோம். கடைகள் இரவு 10 மணிக்கு மூடி, காலை 9:30-க்குத் திறக்கின்றன.

திரும்பிப் போகும் முடிவை எத்தனை மணிக்கு எடுப்பது என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். `pg_upgrade`-ஐ நகலெடுக்கும் முறையில் ஓட்டினால் பழைய டேட்டாபேஸ் அப்படியே இருக்கும், அதற்கே திரும்பிவிடலாம். `--link` முறை வேகமானது. ஆனால் புதியதைத் துவக்கிவிட்ட பிறகு பழையதைப் பாதுகாப்பாக எழுப்ப முடியாது. நகல் முறையிலும் ஒரு எல்லை உண்டு. காலையில் புதிய டேட்டாபேஸில் முதல் பில் விழுந்துவிட்டால், அதன்பின் பழையதற்குத் திரும்பினால் அந்தப் பில் போய்விடும். ஆகவே முடிவு கடை திறக்கும் முன் எடுக்கப்பட வேண்டும். அதிகாலை 4 மணி என்று வைப்போம்.

## படி 3: மறுபடி ஓடவிடும்போது சிங்க் என்ன செய்யும்?

பயனர்கள் கேட்கப்போகும் கேள்வி ஒன்றே ஒன்று: விட்டுப்போன நாளின் தரவு தானாக வந்துவிடுமா? இதற்குப் பதில் தெரியாமல் மெயில் எழுதக் கூடாது. பதில் இரண்டு இடங்களில் இருக்கிறது.

முதலாவது ஏர்ஃப்ளோ. ஜாப்பை நிறுத்துவது ஒரே வரி:

```
airflow dags pause nightly_sales_sync
```

மறுபடி திறக்கும்போது நடப்பதுதான் புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஏர்ஃப்ளோ 2-இல் சாதாரண கிரான் அட்டவணையும் `catchup=False` என்ற அமைப்பும் இருந்தால், திறந்த உடனேயே கடைசியாக விட்டுப்போன ஒரு ஓட்டம் கிளம்பிவிடும். அடுத்த அதிகாலை 2 மணிவரை அது காத்திருக்காது. ஒரு இரவு மட்டும் நிறுத்தியிருந்தால் இது நமக்கு வசதிதான். இரண்டு இரவு நிறுத்தியிருந்தால் பிந்தையது மட்டும் ஓடும், முந்தையது ஓடவே ஓடாது. `catchup=True` என்றால் விட்டுப்போன அத்தனையும் ஓடும். பதிப்பு 3-இல் இந்த இயல்புநிலைகள் மாறியிருக்கின்றன. அதனால் உங்களிடம் இருப்பது எது என்பதை ஒரு சோதனை ஜாப்பை நிறுத்தித் திறந்து கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஜாப்புக்குள் இருக்கும் எஸ்கியூஎல். இப்படி எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள்:

```sql
WHERE bill_date = CURRENT_DATE - 1
```

இந்த வரி ஓடுகிற நாளைப் பொறுத்து 'நேற்று' என்பதை எடுத்துக்கொள்கிறது. புதன் காலை ஓடினால் செவ்வாய் விற்பனை வரும், சிக்கல் இல்லை. ஏதோ காரணத்தால் தள்ளிப்போய் வியாழன் அதிகாலைதான் ஓடியது என்றால் புதன் விற்பனை வரும். செவ்வாய் விற்பனை வேர்ஹவுஸுக்கு வரவே வராது, எந்தப் பிழையும் காட்டாது. இதற்குப் பதில், வேர்ஹவுஸில் ஏற்கெனவே இருக்கும் கடைசி `updated_at` நேரத்தைப் பார்த்து அதற்குப் பின்னால் மாறிய எல்லாவற்றையும் எடுக்கும் முறை இருந்தால், எப்போது ஓடினாலும் விடுபட்டது வந்துசேரும். முதல் வகை உங்களிடம் இருந்தால், பராமரிப்புக்கு முன்பே மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாவிட்டால் செவ்வாய்த் தேதியைக் கையால் கொடுத்து ஓட்டுவதற்கான கட்டளையைத் தயாராக வைத்திருங்கள்.

## படி 4: பின்னால் மீட்க முடியாதது எது?

எல்லாத் தரவும் காத்திருக்காது. பில் என்பது நடந்த நிகழ்வு. தேதியோடு டேட்டாபேஸில் உட்கார்ந்திருக்கும், நாளை எடுத்தாலும் அதேதான். இருப்பு அப்படியில்லை. டேட்டாபேஸில் 'இப்போது எத்தனை புடவை இருக்கிறது' என்பது மட்டும்தான் இருக்கிறது. தினமும் இரவு அந்த எண்ணை நகலெடுத்து, அன்றைய தேதியிட்டு வைப்பதால்தான் 'போன மாதம் 10-ஆம் தேதி எத்தனை இருந்தது' என்று கேட்க முடிகிறது. ஒரு இரவு அந்த நகல் எடுக்கப்படாவிட்டால் அந்த நாளின் இருப்பு வரலாறு போனதுதான். சரக்கு நகர்வுப் பதிவுகள் ஒன்றுவிடாமல் இருந்தால் கூட்டிக் கழித்து வரவழைக்கலாம். நடைமுறையில் கையால் திருத்திய பதிவுகள் குறுக்கே வந்து கணக்கு ஒத்துப்போகாது.

நம் உதாரணத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கடை மூடியபின், டேட்டாபேஸை மூடும் முன், 10:45-க்கு இருப்பு நகலை மட்டும் கையால் ஓட்டி, 24-ஆம் தேதியிட்டு வைத்துவிடலாம். அதன்பின் சிங்க் எப்போது ஓடினாலும் கவலையில்லை. அதிகாலையில் வரும் ஓட்டம் அதன் மேல் எழுதாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இப்படி முன்கூட்டி எடுக்க முடியாத நிலை உங்களுக்கு இருந்தால், அந்த ஒரு நாள் வெற்றிடமாக இருக்கும் என்று மெயிலில் வெளிப்படையாக எழுதுங்கள்.

## படி 5: மெயிலை எழுதுதல்

இப்போது கையில் எல்லா விவரமும் இருக்கிறது. மெயில் இப்படி அமையலாம்:

> பொருள்: பிப். 25 புதன் காலை 10 மணி வரை டேஷ்போர்டில் செவ்வாய் விற்பனை இருக்காது
>
> அனைவருக்கும் வணக்கம்.
>
> பிப்ரவரி 24 செவ்வாய் இரவு 11:00 முதல் பிப்ரவரி 25 புதன் அதிகாலை 5:00 வரை விற்பனை டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்றுகிறோம். அதனால் புதன் அதிகாலை 2 மணி சிங்க் ஓடாது. காலையில் தாமதமாக ஓட்டுவோம்.
>
> புதன் காலை 10 மணி வரை நீங்கள் பார்ப்பது: டேஷ்போர்டு திறக்கும். அதில் கடைசியாக இருப்பது பிப். 23 திங்கள் விற்பனை. செவ்வாய் விற்பனை காலியாகவோ 0 என்றோ தெரியும். விற்பனை நடக்கவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை.
>
> கிளை மேலாளர்களுக்கு: காலை 6:30 எக்செல் வராது. சிங்க் முடிந்தபின் 10 மணிக்கு வரும். பில்லிங் 9:30-க்கு வழக்கம்போல நடக்கும்.
>
> கொள்முதல் பிரிவுக்கு: காலை 7 மணி ஆர்டர் பட்டியலையும் நிறுத்தியிருக்கிறோம். 10 மணிக்கு வரும் பட்டியலைப் பார்த்து ஆர்டர் போடுங்கள்.
>
> கணக்குப் பிரிவுக்கு: `sales_daily.csv` கோப்பைப் புதன் காலை டேலியில் ஏற்ற வேண்டாம். ஃபோல்டரில் கோப்பு இருக்காது. முடிந்தது என்று நான் மெயில் அனுப்பியபின் ஏற்றுங்கள்.
>
> செவ்வாய் விற்பனை எதுவும் விடுபடாது. தாமதமாக வரும், அவ்வளவுதான். செவ்வாய் இருப்பை அன்றிரவே தனியாகச் சேமித்துவிடுவோம்.
>
> அதிகாலை 4 மணிக்குள் மாற்றம் சரியாக அமையவில்லை என்றால் பழைய பதிப்புக்கே திரும்பிவிடுவோம். அப்போதும் பில்லிங் 9:30-க்கு நடக்கும், டேஷ்போர்டு 10 மணிக்கு வந்துவிடும். மாற்றத்தை வேறொரு நாளில் செய்வோம்.
>
> பிப். 25 காலை 10 மணிக்குள் உங்களுக்குச் செவ்வாய் எண்கள் அவசியம் தேவை என்றால், பிப். 20 வெள்ளிக்குள் இந்த மெயிலுக்குப் பதில் எழுதுங்கள்.

இதில் சில இடங்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

பொருள் வரியில் 'டேட்டாபேஸ் அப்கிரேடு அறிவிப்பு' என்று போட்டிருந்தால் கிளை மேலாளர் தனக்குச் சம்பந்தமில்லை என்று தாண்டிப் போயிருப்பார். அவருக்கு நேரப்போவது என்ன என்பதைத்தான் அங்கே எழுத வேண்டும். ஃபோனில் பார்ப்பவர்களுக்கு அந்த வரியின் முன்பாதிதான் தெரியும் என்பதால் தேதியும் நேரமும் முதலில் வரட்டும்.

'செவ்வாய் இரவு 2 மணி' என்று எழுதாதீர்கள். பேச்சில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் எழுத்தில் அது செவ்வாய் அதிகாலையா, செவ்வாய் இரவு தூங்கி எழும் புதன் அதிகாலையா என்று குழப்பும். தேதி, கிழமை, அதிகாலை, இரவு எல்லாம் சேர்ந்து வந்தால் குழப்பம் இல்லை. ஏர்ஃப்ளோ திரையிலிருந்து நேரத்தை நகலெடுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அது பெரும்பாலும் யூடிசி நேரத்தைக் காட்டும். அங்கே 20:30 என்றிருப்பது இந்திய நேரப்படி மறுநாள் அதிகாலை 2:00.

மெயிலில் போஸ்ட்கிரெஸ், பதிப்பு எண், ஏர்ஃப்ளோ எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை டெக்னிக்கல் குழுவுக்குப் போகும் தனி மெயிலுக்கானவை. இங்கே எழுதினால் படிப்பவர் தனக்கான வரியைத் தேட வேண்டியிருக்கும்.

10 மணி என்ற வாக்குறுதியும் யோசித்து வைத்ததுதான். 5:00-க்குத் திறந்து, 5:30-க்கு சிங்க் கிளம்பினால் 7:00-க்கு முடியும், 8:00-க்குள் சரிபார்த்துவிடலாம். இருந்தாலும் 8 மணி என்று எழுதினால் 8:15-க்கு ஃபோன் வர ஆரம்பிக்கும். சிங்க்கை இன்னொரு முறை முழுதாக ஓட்ட வேண்டி வந்தாலும் தாங்கும் நேரத்தைச் சொல்லுங்கள்.

'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்ற வரியை நான் சேர்ப்பதில்லை. அந்த இடத்தில் பயனருக்கு உதவும் இன்னொரு வரி வரலாம்.

## படி 6: எழுதியதைச் செய்துவைத்தல்

மெயிலில் 'எக்செல் வராது', 'கோப்பு இருக்காது' என்று எழுதியிருக்கிறோம். அதை நிஜமாக்கும் வேலை நம்முடையது. மெயிலைப் படிக்காதவர் எப்போதும் ஒருவர் இருப்பார். அவரையும் காப்பாற்றும்படி செய்ய வேண்டும். செவ்வாய் மாலை, கணக்காளர் அன்றைய ஏற்றத்தை முடித்துவிட்டார் என்று கேட்டு உறுதி செய்தபின், `sales_daily.csv`-ஐ வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். புதன் காலை சிங்க் எழுதும் புதிய கோப்பும், சரிபார்த்து முடியும்வரை அங்கேயே விழும்படி செய்யுங்கள். புதன் காலை தேடினால் கோப்பு இல்லை என்று தெரியும், உங்களைக் கூப்பிடுவார். 6:30, 7:00 மணி அனுப்புதல்களைத் தனித்தனியாக நிறுத்துங்கள். அவை வேறு அட்டவணையில் ஓடுகின்றன என்றால், சிங்க்கை நிறுத்துவதால் அவை நிற்காது. டேஷ்போர்டின் தலையில் 'தரவு: பிப். 23 வரை' என்று ஒரு வரியைப் போடுங்கள். அதை வேர்ஹவுஸில் இருக்கும் கடைசி பில் தேதியிலிருந்து தானாக வரும்படி அமைத்துவிட்டால் மற்ற நாட்களிலும் பயன்படும்.

முதல் மெயிலைப் பத்து நாள் முன்பே அனுப்பலாம். திங்களன்று அதே மெயில் தொடரில் நினைவூட்டல் ஒன்று. செவ்வாய் இரவு வேலை தொடங்கும்போது பொதுவாக எல்லோருக்கும் அனுப்பத் தேவையில்லை. தூங்குகிறவர்களை எழுப்பி என்ன பயன்? கடைகளைக் கவனிக்கும் ஐ.டி. ஆளுக்கு மட்டும் ஒரு செய்தி போதும்.

## படி 7: முடிந்ததும் அனுப்பும் மெயில்

இதை அனுப்பாமல் விடுகிறவர்கள் அதிகம். கணக்காளரிடம் 'மெயில் வந்தபின் ஏற்றுங்கள்' என்று சொல்லிவிட்டு மெயில் அனுப்பாவிட்டால் அவர் நாள் முழுக்கக் காத்திருப்பார்.

அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டும். ஏர்ஃப்ளோவில் பச்சை நிறம் வந்தால் ஜாப் பிழையில்லாமல் முடிந்தது என்று மட்டுமே பொருள். பூஜ்ஜிய வரிகளைக் கொண்டுவந்தாலும் பச்சைதான். அதனால் இதே வினவலைப் புதிய டேட்டாபேஸிலும் வேர்ஹவுஸிலும் ஓட்டிப் பாருங்கள்:

```sql
SELECT bill_date, COUNT(*), SUM(net_amount)
FROM sales_bills
WHERE bill_date BETWEEN '2026-02-22' AND '2026-02-24'
GROUP BY bill_date ORDER BY bill_date;
```

மூன்று நாட்களை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 22, 23 ஆகிய இரண்டும் மாற்றத்துக்கு முன்பே வந்துவிட்டவை. அவை மாறியிருந்தால் ஜாப் பழையதை மறுபடி சேர்த்திருக்கிறது. 24 மட்டும் குறைந்தால் விடுபட்டிருக்கிறது. பில் எண்ணிக்கை ஒத்துப்போய்த் தொகை மட்டும் வித்தியாசப்பட்டால், பெரும்பாலும் பின்னால் திருத்திய பில் ஒன்றின் புதிய மதிப்பு வரவில்லை. `updated_at` மாறாமல் தொகையை மட்டும் மாற்றிய இடம் எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

எல்லாம் ஒத்துப்போனால் மெயில் சில வரிகளில் முடியும்:

> வணக்கம். டேட்டாபேஸ் மாற்றம் முடிந்தது. பிப். 24 செவ்வாய் வரையிலான விற்பனையும் இருப்பும் டேஷ்போர்டில் வந்துவிட்டன. பில் எண்ணிக்கையையும் தொகையையும் கடை டேட்டாபேஸோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், சரியாக இருக்கிறது.
>
> கணக்குப் பிரிவு: புதிய `sales_daily.csv` ஃபோல்டரில் இருக்கிறது, இப்போது ஏற்றலாம். கொள்முதல்: ஆர்டர் பட்டியல் வந்துவிட்டது.
>
> இன்றிரவு சிங்க் வழக்கம்போல அதிகாலை 2 மணிக்கு ஓடும். நாளை காலை எண்ணில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் கிளை, தேதி, திரையில் தெரிந்த தொகை மூன்றையும் குறித்து அனுப்புங்கள்.

ஒத்துப்போகவில்லை என்றால், 10 மணி நெருங்குவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்: எந்தத் தேதியின் எண் நம்பத்தகாதது, எதைப் பயன்படுத்தலாம், அடுத்த மெயில் எத்தனை மணிக்கு வரும். கணக்குப் பிரிவுக்கான கோப்பை மட்டும் அதுவரை ஃபோல்டரில் வைக்காதீர்கள். டேஷ்போர்டில் தவறான எண் தெரிந்தால் மாலையில் திருத்திவிடலாம். டேலியில் ஏறிய வவுச்சரைத் திருத்துவது கணக்காளருக்குத் தனி வேலை. வியாழன் காலையும் அதே வினவலை 24, 25 தேதிகளுக்கு ஓட்டிப் பாருங்கள். புதிய டேட்டாபேஸிலிருந்து வழக்கமான நேரத்தில், ஆள் யாரும் பார்க்காமல் ஓடிய முதல் சிங்க் அதுதான்.